பல மின்னோட்ட மூலங்கள் உள்ள சுற்றில் நோடு மின்னழுத்த முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னோட்ட மூலங்கள் நிறைய இருந்தால் ஏன் நோடு முறையைச் சொல்கிறார்கள்? லூப் முறையிலும் போடலாமே?

போடலாம், விடையும் வரும். ஆனால் நோடு முறையில் நாம் எழுதுவது கிர்க்காஃப்பின் மின்னோட்ட விதி. ஒரு நோடுக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டும் அதிலிருந்து வெளியே போகும் மின்னோட்டங்களின் கூட்டும் சமம் என்பதுதான் அந்த விதி. மின்னோட்ட மூலம் இருக்கும் கிளையில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பது முன்பே தெரியும். அதனால் அந்த எண்ணை அப்படியே சமன்பாட்டில் வைத்துவிடலாம், அதற்கென்று தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

லூப் முறையில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கிளையின் மின்னழுத்தத்தையும் கூட்டிக்கொண்டு போகிறோம். மின்னோட்ட மூலத்தின் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் என்பது சுற்று முழுவதும் தீர்ந்த பிறகுதான் தெரியவரும். ஆகவே அந்த மூலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டு லூப்புகளுக்குப் பொதுவாக ஒரு மின்னோட்ட மூலம் இருந்தால் இரண்டையும் ஒரே பெரிய லூப்பாகச் சேர்த்து சூப்பர்மெஷ் போட வேண்டும். கீழே நாம் எடுக்கப்போகும் சுற்றில் 5 லூப்புகள் உண்டு. மூன்று மூலங்கள் மூன்று நிபந்தனைகளைத் தருவதால் கடைசியில் தீர்க்க இரண்டே சமன்பாடுகள் மிஞ்சும். அந்த வகையில் லூப் முறை வேலை குறைந்ததுதான். ஆனால் அந்த இரண்டு சமன்பாடுகளை எட்டும் வழியில்தான் குறிகள் தடுமாறுகின்றன. மூன்று சமன்பாடுகளை நேராக எழுதுவது எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

ஒரு சுற்றை வைத்து முழுவதும் செய்து காட்ட முடியுமா?

சரி, ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். A, B, C, D என்று நான்கு நோடுகள். மேலே இடமிருந்து வலமாக A, B, C மூன்றும் இருக்கின்றன. கீழே நீளமாக ஓடும் கம்பி முழுவதும் ஒரே நோடு, அதுதான் D. உறுப்புகள் இவை:

```
R1  A–D  4 Ω
R2  A–B  2 Ω
R3  B–D  8 Ω
R4  B–C  4 Ω
R5  C–D  2 Ω
I1  D→A  8 A
I2  A→C  3 A
I3  C→D  2 A
```

அம்புக்குறி என்பது மூலத்தின் உள்ளே மின்னோட்டம் ஓடும் திசை. I1 கீழே இருந்து எடுத்து A-க்குள் 8 ஆம்பியரைத் தள்ளுகிறது. I2, B-யைத் தொடாமல் மேலே வளைந்து, A-யிலிருந்து 3 ஆம்பியரை எடுத்து C-யில் கொண்டுபோய் விடுகிறது. I3, C-யிலிருந்து 2 ஆம்பியரைக் கீழே இறக்குகிறது.

காகிதத்தில் ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள். கீழ்க்கம்பியில் ஐந்து இடங்களில் புள்ளி வைத்திருந்தாலும் அவை ஐந்து நோடுகள் ஆகிவிடாது. இடையில் எந்த உறுப்பும் இல்லாமல் வெறும் கம்பியால் இணைந்திருப்பதெல்லாம் ஒரே நோடு. அந்தக் கம்பி முழுவதையும் ஒரே வண்ணத்தில் தீட்டிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

நான்கு நோடுகளில் எதை ரெஃபரன்ஸ் நோடாக வைப்பது? "அதிகக் கிளைகள் சேரும் நோடு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்தச் சுற்றில் D. அதன் மின்னழுத்தத்தைப் பூச்சியம் என்று வைத்து மற்ற நோடுகளை அதிலிருந்து அளப்போம். சொல்லிக்கொடுத்த விதியும் அதையேதான் காட்டுகிறது. D-யில் 5 உறுப்புகள் சேர்கின்றன, A-யிலும் C-யிலும் 4, B-யில் 3.

ஆனால் அந்த விதியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் காரணம் புரியும். மின்தடைகளும் மின்னோட்ட மூலங்களும் சமன்பாட்டில் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. மின்தடைகள் இடப்பக்கம் போய், தெரியாத மின்னழுத்தங்களின் கெழுக்களாகின்றன. மின்னோட்ட மூலங்கள் வலப்பக்கம் வெறும் எண்களாக நிற்கின்றன. ஆகவே எண்ணும்போதும் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

முதலில் மின்தடைகள். இரண்டு நோடுகளுக்கு இடையே ஒரு மின்தடை இருந்தால் இரண்டின் சமன்பாடுகளிலும் மற்றதன் மின்னழுத்தம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு நோடு ரெஃபரன்ஸ் ஆகிவிட்டால் அந்த ஒட்டுதல் போய்விடும், `VA/4` போல ஒற்றை உறுப்பாக நிற்கும். எனவே அதிக மின்தடைகள் சேரும் நோடைப் பூச்சியமாக்கினால் சமன்பாடுகள் ஒன்றிலிருந்து ஒன்று அதிகமாக விடுபடும். இங்கே D-யில் 3 மின்தடைகள், B-யிலும் 3. A-யிலும் C-யிலும் 2 மட்டுமே.

B-யும் D-யும் சமநிலையில் நிற்கும்போதுதான் மூலங்களைப் பார்க்க வேண்டும். ரெஃபரன்ஸைத் தொடும் மூலம் ஒரே ஒரு சமன்பாட்டில் வரும். தொடாத மூலம் இரண்டு சமன்பாடுகளில், எதிரெதிர்க் குறிகளோடு வரும். D-யைத் தேர்ந்தெடுத்தால் I1-உம் I3-உம் ஒருமுறை மட்டும் வருகின்றன, I2 மட்டும் இருமுறை. B-யைத் தேர்ந்தெடுத்தால் மூன்று மூலங்களும் இருமுறை வருகின்றன. மொத்தம் 4 இடங்களுக்குப் பதிலாக 6 இடங்களில் குறியைச் சரியாக வைக்க வேண்டும். குறிப்பிழை நுழைய அந்தக் கூடுதல் இடங்கள் போதும்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. கேள்வி எதைக் கேட்கிறது என்று பாருங்கள். "R3-க்குக் குறுக்கே எத்தனை வோல்ட்" என்று கேட்டால், B-யோ D-யோ ரெஃபரன்ஸாக இருந்தால் ஒரே நோடின் மின்னழுத்தமே விடையாகிவிடும், கடைசியில் கழிக்கும் வேலை இல்லை.

சமன்பாடு எழுதும்போது குறிகள் எப்போதும் குழப்புகின்றன. மூலத்துக்குக் கூட்டலா கழித்தலா?

ஒரே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு எல்லா நோடுகளுக்கும் அதையே கடைப்பிடியுங்கள். நான் பின்பற்றுவது இது: மின்தடைகள் வழியாக நோடைவிட்டு வெளியேறும் மின்னோட்டங்களின் கூட்டு இடப்பக்கம், மூலங்கள் அந்த நோடுக்குள் கொண்டுவரும் மின்னோட்டங்களின் கூட்டு வலப்பக்கம். மூலம் உள்ளே தள்ளினால் கூட்டல், வெளியே இழுத்தால் கழித்தல்.

A-யில் நின்று பார்க்கிறோம் என்றால் A-யின் மின்னழுத்தம் முதலில் வரும்: `(VA − VB)/2`. B-க்குப் போனதும் அதே மின்தடைக்கு `(VB − VA)/2` என்று எழுத வேண்டும். "ஏற்கெனவே `VA − VB` என்று எழுதிவிட்டோமே, இங்கேயும் அதுவே இருக்கட்டும்" என்று நினைப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எந்த நோடில் நிற்கிறோமோ அந்த நோடின் பெயர் முதலில். உண்மையில் மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஊகிக்கவே தேவையில்லை. எதிர்ப்பக்கம் ஓடினால் விடை எதிர்க்குறியோடு வந்து தானே சொல்லிவிடும்.

நம் சுற்றில் `VD = 0` என்று வைத்து எழுதினால்:

```
A:  VA/4 + (VA − VB)/2            = 8 − 3
B:  (VB − VA)/2 + VB/8 + (VB − VC)/4 = 0
C:  (VC − VB)/4 + VC/2            = 3 − 2
```

A-யில் I1 உள்ளே 8, I2 வெளியே 3. C-யில் I2 உள்ளே 3, I3 வெளியே 2. B-யை எந்த மூலமும் தொடவில்லை, அதனால் வலப்பக்கம் பூச்சியம். I2-இன் 3 ஆம்பியர் A-யில் கழித்தலாகவும் C-யில் கூட்டலாகவும் வந்திருப்பதைக் கவனியுங்கள். ரெஃபரன்ஸைத் தொடாத மூலம் எப்போதும் இப்படி ஜோடியாகத்தான் வரும். ஜோடி இல்லாமல் ஒன்று மட்டும் நின்றால் எங்கோ விட்டுவிட்டோம் என்று பொருள்.

இதைத் தீர்த்தால் என்ன வருகிறது?

பின்னங்களை நீக்கிவிடலாம். A-யையும் C-யையும் 4-ஆல் பெருக்கி, B-யை 8-ஆல் பெருக்கினால்:

```
 3·VA − 2·VB          = 20
−4·VA + 7·VB − 2·VC   = 0
      −   VB + 3·VC   = 4
```

முதல் சமன்பாட்டில் VC இல்லை, மூன்றாவதில் VA இல்லை. A-க்கும் C-க்கும் இடையே மின்தடை எதுவும் இல்லாததால் கிடைத்த வசதி இது. I2 அவற்றுக்கு நடுவே இருந்தாலும் அது வலப்பக்கத்து எண்தான், கெழுவில் தலையிடாது. ஆகவே இரண்டையும் VB-யில் எழுதிவிடலாம்:

```
VA = (20 + 2·VB)/3
VC = (4 + VB)/3
```

இவற்றை நடுச் சமன்பாட்டில் வைத்து 3-ஆல் பெருக்கினால் `−80 − 8·VB + 21·VB − 8 − 2·VB = 0`, அதாவது `11·VB = 88`. VB 8 வோல்ட். அதிலிருந்து VA 12 வோல்ட், VC 4 வோல்ட்.

மின்தடைகளின் மின்னோட்டங்கள் இனி எளிது. R1-இல் 3 ஆம்பியர், R2-இல் 2, R3-இல் 1, R4-இல் 1, R5-இல் 2. எல்லாமே இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ ஓடுகின்றன.

வேறு நோடை ரெஃபரன்ஸாக வைத்தால் விடை மாறிவிடுமா?

நோடுகளுக்கு எழுதும் எண்கள் மாறும், மின்தடைகளில் ஓடும் மின்னோட்டங்கள் மாறாது. மாடிப்படியின் உயரத்தைத் தரையிலிருந்தும் அளக்கலாம், முதல் மாடியிலிருந்தும் அளக்கலாம். இரண்டு படிகளுக்கு இடையிலான உயரம் எப்படி அளந்தாலும் ஒன்றுதான்.

B-யைப் பூச்சியமாக வைத்தால் மேலே வந்த எல்லா எண்களிலும் 8 குறையும்: A 4 வோல்ட், C −4 வோல்ட், D −8 வோல்ட். எதிர்க்குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். C-யும் D-யும் B-யைவிடத் தாழ்ந்திருக்கின்றன என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. R5-க்குக் குறுக்கே `−4 − (−8) = 4` வோல்ட், முன்பு வந்ததே.

B-யை வைத்துச் சமன்பாடுகளை எழுதினாலும் அவை கிட்டத்தட்ட இதே அளவு எளிமையாகத்தான் இருக்கும், ஏனென்றால் A-யும் C-யும் தெரியாதவையாகவே தொடர்கின்றன, அவற்றுக்கிடையிலான பூச்சியம் தப்பிவிடுகிறது. A-யை வைத்தால்தான் சிரமம் தெரியும்:

```
7·VB − 2·VC −   VD = 0
−VB + 3·VC − 2·VD  = 4
−VB − 4·VC + 7·VD  = −48
```

ஒன்பது கெழுக்களில் ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை. எந்தச் சமன்பாட்டை எடுத்தாலும் மூன்று தெரியாதவைகளும் இருக்கின்றன. தீர்த்தால் VB −4, VC −8, VD −12 வோல்ட் வரும், அதாவது பழைய விடைகளிலிருந்து 12 குறைந்திருக்கும். தவறான தேர்வு என்று இதைச் சொல்ல முடியாது, வேலை கூடுகிறது, அவ்வளவே. மூன்று தெரியாதவைகளில் இந்த வித்தியாசம் ஐந்து நிமிடம். ஏழெட்டு நோடுகள் கொண்ட சுற்றைக் கையால் தீர்க்க உட்காரும்போது அது ஒரு பக்கக் கணக்காக நீளும்.

படத்திலேயே கிரவுண்ட் குறி போட்டிருந்தால் அதைத்தான் ரெஃபரன்ஸாக வைக்க வேண்டுமா?

விடையைக் கிரவுண்டைப் பொறுத்துக் கேட்டிருந்தால் அதையே வைப்பது நேர்வழி. ஆனால் கட்டாயம் இல்லை. வசதியான நோடை வைத்துத் தீர்த்துவிட்டு, கிரவுண்ட் நோடுக்குக் கிடைத்த எண்ணை எல்லா நோடுகளிலிருந்தும் கழித்துவிட்டால் போதும்.

தீர்த்த விடை சரியா என்று எப்படிச் சோதிப்பது? ரெஃபரன்ஸ் நோடில் மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் போதுமா?

போதாது. இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

D-யில் கூட்டிப் பார்ப்போம். R1, R3, R5 வழியாக உள்ளே வருவது 3 + 1 + 2 = 6 ஆம்பியர். I3 2 ஆம்பியர் கொண்டுவருகிறது. மொத்தம் 8. I1 வெளியே எடுப்பதும் 8. சரியாக இருக்கிறது.

இப்போது வேண்டுமென்றே ஒரு தவறு செய்வோம். I2-இன் அம்பைத் தலைகீழாகப் படித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். A-யின் வலப்பக்கம் 8 + 3 = 11, C-யின் வலப்பக்கம் −3 − 2 = −5. தீர்த்தால் VA ஏறக்குறைய 22.91, VB 12.36, VC −2.55 வோல்ட் வருகின்றன. முற்றிலும் தவறான விடை. இதை வைத்து D-யில் கூட்டிப் பாருங்கள்: R1 வழியாக 5.73, R3 வழியாக 1.55, R5 வழியாக −1.27. கூட்டினால், தோராயமாக்கிய பிழை போக, அதே 6 ஆம்பியர். சோதனையில் தேறிவிட்டது!

காரணம் யோசித்தால் தெரியும். D-யின் சமன்பாடு மற்ற மூன்றையும் கூட்டிக் குறியை மாற்றினால் கிடைப்பதுதான். I2, A-யில் ஒரு குறியும் C-யில் எதிர்க்குறியுமாக வருவதால் கூட்டும்போது அடிபட்டுப் போகிறது. எனவே D-யின் கணக்கு I2-இன் திசையைப் பார்க்கவே இல்லை. கணக்கிடும்போது செய்த பிழைகளையும், I1, I3 ஆகியவற்றின் குறிப்பிழையையும், I2-ஐ ஒரு நோடில் மட்டும் தவறவிட்டதையும் அது பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து திரும்பிய அம்பைப் பிடிக்காது.

அதைப் பிடிப்பது திறன் கணக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூலங்களின் திசையை நீங்கள் எழுதிய சமன்பாட்டிலிருந்து எடுக்காமல், படத்தைத் திரும்பப் பார்த்துப் புதிதாக எடுக்க வேண்டும். சரியான விடையோடு செய்து பார்ப்போம். மின்தடைகளில் செலவாகும் திறன் 36 + 8 + 8 + 4 + 8 = 64 வாட். I1, 0 வோல்ட்டில் எடுத்து 12 வோல்ட்டில் விடுகிறது, 8 ஆம்பியருக்கு 96 வாட் கொடுக்கிறது. I2, 12 வோல்ட்டில் எடுத்து 4 வோல்ட்டில் விடுகிறது. உயர்ந்த இடத்தில் வாங்கித் தாழ்ந்த இடத்தில் விடுவதால் அது 3 × 8 = 24 வாட்டை உள்வாங்குகிறது. I3-உம் அப்படியே, 2 × 4 = 8 வாட்டை உள்வாங்குகிறது. 96 − 24 − 8 = 64. இரண்டு பக்கமும் சமம்.

தவறான விடையோடு செய்தால் மின்தடைகள் ஏறக்குறைய 265 வாட் கேட்கும், மூலங்கள் மூன்றும் சேர்ந்து 112 வாட்தான் தரும். அங்கேயே பிழை வெளிப்பட்டுவிடும்.

மூலம் என்றால் திறனைக் கொடுக்கத்தானே வேண்டும்? I2-உம் I3-உம் வாங்குகின்றன என்பது சரிதானா?

சரிதான். மின்னோட்ட மூலம் உறுதியளிப்பது தன் வழியே ஓடும் மின்னோட்டத்தின் அளவையும் திசையையும் மட்டுமே. அதன் முனைகளில் எந்த மின்னழுத்தம் நிற்கும் என்பதைச் சுற்றின் மற்ற பகுதிகள் முடிவு செய்கின்றன. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் மின்கலத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் மூலம்தான், ஆனால் அந்த நேரத்தில் திறனை வாங்கிக்கொண்டிருக்கிறது.

மின்னோட்ட மூலத்தோடு தொடரில் ஒரு மின்தடை இருந்தால் அதையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்கக் கூடாது. விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது.

I2-வுக்குத் தொடராக 5 ஓம் மின்தடை ஒன்றை மாட்டுவோம். அந்தக் கிளையில் ஓடுவது அப்போதும் 3 ஆம்பியர்தான், அதை மாற்ற மின்தடைக்கு வலு இல்லை. A-யிலிருந்து வெளியேறுவது 3, C-க்குள் வருவது 3. மூன்று சமன்பாடுகளிலும் ஓர் எழுத்துகூட மாறாது. `(VA − VC)/5` என்று ஒன்றைச் சேர்த்தால், மூலத்தைத் தாண்டி A-யிலிருந்து C-க்கு நேரடியாக இன்னொரு பாதை இருப்பதாகச் சொல்கிறோம். அப்படி ஒரு பாதை சுற்றில் இல்லை.

மாறுவது மூலத்தின் முனைகளில் இருக்கும் மின்னழுத்தம் மட்டும். மின்தடை A பக்கம் இருந்தால் அதில் 3 × 5 = 15 வோல்ட் விழுகிறது. A-யில் 12 வோல்ட், மின்தடையைத் தாண்டியதும் −3 வோல்ட். அங்கிருந்து 4 வோல்ட்டுக்கு உயர்த்துவது மூலத்தின் வேலை. முன்பு 24 வாட்டை வாங்கிக்கொண்டிருந்த I2 இப்போது 3 × 7 = 21 வாட்டைக் கொடுக்கிறது. புதிய மின்தடை 45 வாட்டைச் சூடாக்கிச் செலவிடுகிறது. 45-இல் 21-ஐக் கழித்தால் அதே 24, கிளை முழுவதற்குமான கணக்கு மாறவில்லை. ஆகவே திறனைக் கேட்டால் இந்த மின்தடையை மறக்கக் கூடாது, நோடு சமன்பாட்டில் அதை நினைக்கக் கூடாது.

இடையில் ஒரு மின்னழுத்த மூலமும் வந்துவிட்டால் ரெஃபரன்ஸை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் மாற்றுவது நல்லது. மின்னழுத்த மூலத்தின் வழியே எத்தனை ஆம்பியர் ஓடும் என்று தெரியாது. அதன் ஒரு முனையை ரெஃபரன்ஸாக வைத்தால் மறுமுனையின் மின்னழுத்தம் அப்போதே தெரிந்துவிடும், அந்த நோடுக்குச் சமன்பாடு எழுதாமலே நகரலாம்.

நம் சுற்றில் R2-வை எடுத்துவிட்டு அங்கே 4 வோல்ட் மூலத்தை வைப்போம், கூட்டல் முனை A பக்கம். முன்பு D நல்ல தேர்வு, இப்போது B அதை முந்துகிறது. B பூச்சியம் என்றால் VA 4 வோல்ட், பேச்சு முடிந்தது. மீதி இரண்டு சமன்பாடுகள்:

```
C:   3·VC − 2·VD = 4
D:  −4·VC + 7·VD = −40
```

VD −8, VC −4 வோல்ட். A-யின் சமன்பாட்டை எழுதாமல் வைத்திருந்தோமே, அது இப்போது பயன்படும். A-க்குள் மூலங்கள் தருவது நிகரமாக 5 ஆம்பியர், R1 வழியாகப் போவது `(4 + 8)/4 = 3`. மீதி 2 ஆம்பியர் மின்னழுத்த மூலத்தின் வழியே B-க்குப் போகிறது.

D-யையே ரெஃபரன்ஸாக வைத்திருந்தால் A-யையும் B-யையும் சேர்த்து ஒரு சூப்பர்நோடு போட வேண்டியிருக்கும். அதுவும் சரியான வழிதான். இரண்டு மின்னழுத்த மூலங்கள் பொது முனை இல்லாமல் தனித்தனியாக நின்றால் சூப்பர்நோடைத் தவிர்க்கவே முடியாது. அப்போது ஒன்றின் முனையை ரெஃபரன்ஸாக வைத்து, மற்றதற்கு மட்டும் சூப்பர்நோடு போடுங்கள்.

சமன்பாடுகளைத் தீர்க்கவே முடியவில்லை, 0 = 6 போல வருகிறது. எங்கே தவறு?

கணக்கில் தவறு இல்லாமலும் இப்படி வரலாம், சுற்றே சாத்தியமில்லாததாக இருந்தால். R1, R3, R5 மூன்றையும் பிய்த்துவிடுங்கள். இப்போது D-யை மற்ற மூன்று நோடுகளோடு இணைப்பது I1-உம் I3-உம் மட்டுமே. I1 மேலே 8 ஆம்பியர் அனுப்புகிறது, I3 2 ஆம்பியரை மட்டும் திருப்பிக் கொண்டுவருகிறது. மீதி 6 ஆம்பியர் திரும்ப வழியே இல்லை. மூன்று சமன்பாடுகளையும் கூட்டினால் இடப்பக்கம் எல்லாம் அடிபட்டு, 0 = 6 என்று நிற்கும்.

I3-உம் 8 ஆம்பியர் என்றால் முரண்பாடு நீங்கி 0 = 0 வரும். அப்போது A, B, C ஆகியவற்றுக்கு இடையிலான வித்தியாசங்கள் கிடைக்கும். ஆனால் அவை D-யைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதைச் சொல்ல எதுவும் இல்லை, எந்த எண்ணும் பொருந்தும். ஆகவே சமன்பாடுகளைத் தொடும் முன்பே ஒரு விஷயத்தைப் பாருங்கள். மின்னோட்ட மூலங்களை எல்லாம் படத்திலிருந்து அழித்துவிட்டால், ஒவ்வொரு நோடிலிருந்தும் ரெஃபரன்ஸுக்கு மின்தடை வழியாகவோ மின்னழுத்த மூலம் வழியாகவோ ஒரு பாதை மிஞ்ச வேண்டும். மிஞ்சாத நோடு அந்தரத்தில் தொங்குகிறது.

கணினியில் சரிபார்க்க இந்தச் சுற்றை எப்படி எழுதுவது?

ஸ்பைஸ் வகை மென்பொருள்களில் ரெஃபரன்ஸ் நோடின் பெயர் எப்போதும் `0`. அதனால் D என்று எழுதாமல் `0` என்று எழுத வேண்டும். முதல் வரி தலைப்பாக எடுத்துக்கொள்ளப்படும், அதில் உறுப்பு எதையும் வைக்காதீர்கள்.

```
* nodal
I1 0 A DC 8
I2 A C DC 3
I3 C 0 DC 2
R1 A 0 4
R2 A B 2
R3 B 0 8
R4 B C 4
R5 C 0 2
.op
.end
```

மின்னோட்ட மூலத்தின் வரியில் நோடுகளின் வரிசை முக்கியம். முதல் நோடிலிருந்து மூலத்தின் உள்ளே புகுந்து இரண்டாவது நோடில் வெளிவருவதாகவே மின்னோட்டம் எடுத்துக்கொள்ளப்படும். எனவே A-க்குள் தள்ளும் I1-ஐ `0 A` என்று எழுத வேண்டும். `A 0` என்று எழுதினால் அது A-யிலிருந்து இழுக்கும், VA 12-க்குப் பதிலாக எதிர்க்குறியோடு, ஏறக்குறைய −24.85 என்று வரும். அப்படி வந்தால் கையால் போட்ட கணக்கைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.